இடர்ப்பாடு நீக்கும் ஆணையால் சட்டத்தை மாற்ற முடியுமா?

"ஐயா, நான் புது வண்ணாரப்பேட்டை. மணலியில் ஓர் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறேன். சட்டத்தின் கடைசியில் ஒரு பிரிவை எழுதி வைத்துக்கொண்டு, அமைச்சர் ஓர் ஆணை போட்டாலே சட்டம் மாறிவிடும்படி செய்திருக்கிறார்கள் என்று சங்கக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை அமைச்சர் கையெழுத்தால் மாற்ற முடியுமா? தடுக்க வழி உண்டா?"

தம்பி, அப்படிப்பட்ட பிரிவுகள் உண்மையாகவே இருக்கின்றன. ஆனால் அவை எல்லாம் ஒரே அளவு அதிகாரத்தைத் தருவதில்லை. எவ்வளவு தருகின்றன என்பது பிரிவின் வாசகத்தில் இருக்கிறது. உங்கள் நண்பர் சொன்னது பெரும்பாலும் "இடர்ப்பாடுகளை நீக்குவதற்கான அதிகாரம்" என்ற தலைப்பில் வரும் பிரிவாக இருக்கும். ஆங்கிலேயர்கள் இந்த வகை விதிக்கு எட்டாம் ஹென்றி மன்னரின் பெயரை வைத்திருக்கிறார்கள். மன்னரின் பிரகடனத்துக்கு நாடாளுமன்றச் சட்டத்தின் வலிமை உண்டு என்று 1539இல் ஒரு சட்டம் வந்தது. அவர் இறந்ததும் 1547இல் அதை ரத்து செய்துவிட்டார்கள். பெயர் மட்டும் நின்றுவிட்டது.

நம் நாட்டில் இந்த அதிகாரம் அமைச்சரின் பெயரில் தரப்படுவதில்லை. "மத்திய அரசு" அல்லது "மாநில அரசு" என்றுதான் பிரிவில் இருக்கும். துறைச் செயலகத்தில் வரைவு தயாராகி, அரசிதழில் ஆணையாக வெளிவரும். அவையில் விவாதமோ வாக்கெடுப்போ நடக்காது. ஒரு நாள் காலையில் அரசிதழைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

இந்த அதிகாரம் ஏன் தேவைப்படுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை முழுவதும் தீயது என்று நான் நினைக்கவில்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. சிறு வணிகர்களுக்கு, விற்றுமுதலில் ஒரு சிறு விழுக்காட்டை மட்டும் கட்டிவிட்டுப் போகும் இணக்க வரித் திட்டம் இருந்தது. ஆனால் உணவகம் நீங்கலாக வேறு எந்தச் சேவை வழங்குபவரும் அதில் சேர முடியாது என்று சட்டம் சொன்னது. வங்கியில் போட்ட வைப்புத்தொகைக்கு வரும் வட்டியும் சட்டத்தின் கண்ணில் ஒரு சேவைக்கான வருமானம்தான். அதற்கு வரி விலக்கு மட்டும் உண்டு. எம்.சி. ரோட்டில் சிறிய துணிக்கடை வைத்திருப்பவர், வங்கி வட்டி வாங்குகிறார் என்பதற்காகவே திட்டத்துக்கு வெளியே நிற்க வேண்டுமா என்ற கேள்வி வந்தது. சட்டம் எழுதியவர்கள் இப்படி நினைத்திருக்கவே மாட்டார்கள். அந்த வட்டியைக் கணக்கில் கொள்ள வேண்டாம் என்று 2017 அக்டோபரில் இடர்ப்பாடு நீக்கும் ஆணை ஒன்று வெளிவந்தது. பின்னாளில் சட்டத்திலேயே இதற்குத் திருத்தமும் வந்தது. அதிகாரம் அதற்குரிய வேலையைச் செய்த இடம் இது. சட்டத்தின் கொள்கை மாறவில்லை, இடறிய இடம் மட்டும் சரியானது.

சிக்கல் தொடங்குவது, இதே அதிகாரத்தைக் கொண்டு கொள்கையையே மாற்ற முடியுமா என்று கேட்கும்போது. இதற்குத் தொழிலாளர்களைப் பற்றிய இரண்டு சட்டங்களிலிருந்தே விடை கிடைத்திருக்கிறது. அதனால் அவற்றைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலாவது, 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம். அதன் 37ஆவது பிரிவு, சட்டத்தை நடைமுறைப்படுத்துவதில் இடர்ப்பாடோ ஐயமோ எழுந்தால், சட்டத்தின் நோக்கங்களுக்கு முரணாகாத எந்த ஏற்பாட்டையும் மத்திய அரசு ஆணை மூலம் செய்யலாம் என்றது. அதோடு நிற்காமல், அந்த ஆணையே இறுதியானது என்றும் சேர்த்துக்கொண்டது. ஜலான் டிரேடிங் கம்பெனி வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஐந்து நீதிபதிகள் கேட்டார்கள். 1966இல் தீர்ப்பு வந்தது. மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் 37ஆவது பிரிவு செல்லாது என்றார்கள்.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஷா காட்டிய காரணம் எளிமையானது. இடர்ப்பாடு எழுந்ததா என்று முடிவு செய்வது அரசு. அதை நீக்க ஆணை தேவையா என்று முடிவு செய்வதும் அரசு. போடும் ஆணை சட்டத்தின் நோக்கத்துக்கு முரணானதா என்று முடிவு செய்வதும் அதே அரசு. அதற்கு மேல், அந்த முடிவு இறுதியானது. இப்படிச் செய்தால் சட்டம் இயற்றும் அதிகாரத்தையே கைமாற்றியதாகும், அரசமைப்பு அதை அனுமதிக்காது என்றார். நீதிபதி ஹிதாயத்துல்லா இதற்கு உடன்படவில்லை. போனஸ் பற்றிச் சொல்ல வேண்டியதை எல்லாம் நாடாளுமன்றம் சட்டத்தில் சொல்லிவிட்டது. இன்னொரு சட்டமன்றத்தை அது உருவாக்கவில்லை. நீதிமன்றத்துக்குப் போனால் ஆகும் காலதாமதத்தையும் செலவையும் தவிர்க்கத்தான் இந்த வழியைத் தேர்ந்துகொண்டது என்பது அவர் பார்வை. சிறுபான்மைத் தீர்ப்பானாலும் ஒதுக்கித் தள்ளக் கூடியதன்று. நீதிமன்றப் படி ஏறி ஏறி ஓய்ந்த தொழிலாளிகளைப் பார்த்தவன் என்ற முறையில், காலதாமதம் பற்றி அவர் சொன்னதை என்னால் ஒதுக்க முடியவில்லை. ஆனாலும் பெரும்பான்மையின் பக்கமே நான் நிற்கிறேன். அன்றைக்குச் சாதகமாக வரும் ஆணை, அடுத்த அரசில் அதே பிரிவைக் கொண்டே பாதகமாகவும் வரும்.

இரண்டாவது, உங்கள் வாழ்க்கையோடு நேரடியாக ஒட்டியது. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம். அதன் 34ஆவது பிரிவும் இடர்ப்பாடு நீக்கும் பிரிவுதான். 1974இல் கேமன் இந்தியா வழக்கில் அதையும் எதிர்த்தார்கள். இந்த முறை உச்ச நீதிமன்றம் பிரிவு செல்லும் என்றது. காரணம், இரண்டு பிரிவுகளையும் அருகருகே வைத்தால் தெரியும். போனஸ் சட்டம் "நோக்கங்களுக்கு முரணாகாத" என்றது. இது "வகைமுறைகளுக்கு முரணாகாத" என்றது. நோக்கம் என்பது இழுத்த இழுப்புக்கு வரும். வகைமுறை என்பது பிரிவுகளில் எழுதியிருக்கும் வாசகம். அது அச்சில் இருக்கிறது, அதோடு ஆணையை ஒத்துப் பார்த்துவிடலாம். ஆணை இறுதியானது என்ற வரியும் 34இல் இல்லை. ஆகவே நிர்வாக நடைமுறையில் வரும் தடைகளைச் சரிசெய்வதற்குத்தான் இது பயன்படும், சட்டத்தை மாற்ற உதவாது என்று நீதிமன்றம் எடுத்துக்கொண்டது.

உங்கள் ஊர்க் கணக்கில் போட்டுப் பார்ப்போம். அந்தச் சட்டம் நடப்பில் இருந்தபோது, 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலைக்கு வைத்த ஒப்பந்ததாரருக்குப் பொருந்தியது. அந்தக் காலத்தில் மணலியில் ஒருவர் 24 பேரை வைத்து வேலை வாங்குகிறார் என்று கொள்வோம். உரிமம் எடுக்க வேண்டும், பதிவேடுகள் வைக்க வேண்டும், கூலி கொடுக்கும்போது முதன்மை முதலாளியின் ஆள் இருக்க வேண்டும். இப்போது ஓர் ஆணை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: சிறு ஒப்பந்ததாரர்கள் இவற்றைப் பின்பற்ற முடியாமல் சிரமப்படுகிறார்கள், எனவே 20 என்பதை 50 என்று கொள்க. அந்த ஆணை நின்றால், 24 பேரும் அன்றே சட்டத்துக்கு வெளியே போய்விடுவார்கள்.

இதை எதிர்த்து நான் எழுப்பும் முதல் கேள்வி, இது சட்டம் சொல்லும் இடர்ப்பாடுதானா என்பது. மாதேவ உபேந்திர சினாய் வழக்கில் 1974இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. இடர்ப்பாடு சட்டத்தை நடைமுறைப்படுத்துவதில் எழுந்ததாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து கொண்டுவந்ததாக இருக்கக் கூடாது. மூலைமுடுக்குகளைச் செப்பனிடலாம், சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பில் கைவைக்கக் கூடாது. ஒப்பந்ததாரருக்குப் பதிவேடு வைப்பது பாரமாக இருக்கிறது என்றால், சட்டம் செயல்படுகிறது என்றுதான் பொருள். அது சட்டத்தின் விளைவு, சட்டத்தில் உள்ள தடை அல்ல. இரண்டாவது கேள்வி, முரண் பற்றியது. முதல் பிரிவிலேயே 20 என்று அச்சாகியிருக்கும்போது 50 என்று சொல்லும் ஆணை அந்த வகைமுறைக்கு நேர் முரண். அதே ஆணையைப் போனஸ் சட்டத்தின் வாசகத்தோடு வாதிட்டிருந்தால், சட்டத்தின் நோக்கம் பெரிய நிறுவனங்களை ஒழுங்குபடுத்துவதுதான் என்று அரசுத் தரப்பு நீட்டிப் பேச இடம் இருந்திருக்கும். ஒரு சொல்லில் அவ்வளவு இடைவெளி இருக்கிறது.

பிற்பாடு அந்த 20 உண்மையாகவே 50 ஆனது. பணியிடப் பாதுகாப்பு பற்றிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்தில் அது வந்தது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்ததும் பழைய ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் போய்விட்டது. எதிர்க்கட்சிகள் வெளிநடப்புச் செய்திருந்த அவையில் நிறைவேறிய சட்டம் அது. அதன் உள்ளடக்கத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் மாற்றியது நாடாளுமன்றம். யார் கொண்டுவந்தார்கள், யார் வாக்களித்தார்கள் என்பது பதிவில் இருக்கிறது, தேர்தலில் அதைக் கேட்கலாம். ஆணையால் வந்திருந்தால் அதற்கும் வழி இருந்திருக்காது.

இனி, இந்த அதிகாரத்தை அவைகள் எப்படிக் கட்டுப்படுத்துகின்றன என்பது. அவர்கள் கையில் இருக்கும் கருவிகளில் மிக வலுவானது காலவரம்பு. நம் அரசமைப்பே இதற்கு முன்மாதிரி. அதன் 392ஆவது உறுப்பு, பழைய ஆட்சிமுறையிலிருந்து மாறும்போது எழும் இடர்ப்பாடுகளுக்காக, அரசமைப்பையே தழுவல்களோடு நடைமுறைப்படுத்த ஆணையிடும் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவருக்குத் தந்தது. புதிய நாடாளுமன்றம் முறைப்படி அமைந்து முதல் கூட்டம் கூடியதும் அந்த அதிகாரம் முடிந்துபோகும் என்றும் அங்கேயே எழுதிவிட்டார்கள். இன்றைய சட்டங்களில் இரண்டு, மூன்று அல்லது ஐந்து ஆண்டு என்று வரம்பு வைக்கிறார்கள். ஆனால் இந்த வரம்பை நீட்டவும் முடியும். மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 172ஆவது பிரிவில் மூன்று ஆண்டு என்றிருந்தது. அது முடியும் தறுவாயில், 2020ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அதை ஐந்தாக்கியது. நிதி மசோதாவின் நூற்றுக்கணக்கான பத்திகளுக்கு நடுவே வரும் இப்படி ஒரு வரியை எத்தனை உறுப்பினர்கள் நின்று படித்திருப்பார்கள்?

அடுத்தது, ஆணையை அவையின் முன் வைப்பது. இங்கேதான் பெரும்பாலோர் கவனிக்காத ஒரு குறை இருக்கிறது, அதை நான் சற்று அழுத்தியே சொல்கிறேன். ஒரு சட்டத்தின் கீழ் அரசு சாதாரண விதி ஒன்றைச் செய்தால், வழக்கமான வாசகப்படி அதை இரு அவைகளிலும் 30 நாள் வைத்திருக்க வேண்டும், இரு அவைகளும் ஒத்துக்கொண்டால் அதைத் திருத்தலாம் அல்லது ரத்து செய்யலாம். ஆனால் சட்டத்தின் மேலேயே கைவைக்கக் கூடிய இடர்ப்பாடு நீக்கும் ஆணைக்கு, பல சட்டங்களில் அந்த ரத்து அதிகாரம் எழுதப்படவில்லை. ஜிஎஸ்டி சட்டத்தின் 172ஐப் பாருங்கள், 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 470ஐப் பாருங்கள். ஆணை கூடிய விரைவில் அவைகளின் முன் வைக்கப்பட வேண்டும் என்று மட்டும் இருக்கும். அவை அதை வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்று ஒரு சொல்லும் இல்லை. சின்ன அதிகாரத்துக்குப் பெரிய பூட்டும் பெரிய அதிகாரத்துக்குச் சின்னப் பூட்டும் போட்டது போல இது தலைகீழாக இருக்கிறது. அப்படி வைக்காமல் விட்டாலும் ஆணை தானாகச் செத்துவிடாது. அட்லஸ் சைக்கிள் வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம், வெறுமனே முன்வைக்க வேண்டும் என்ற நிபந்தனை வழிகாட்டும் தன்மையுடையதே, கட்டாயமானதன்று என்று சொல்லிவிட்டது.

நல்ல முன்மாதிரியும் நம்மிடமே உண்டு. அதே கம்பெனிகள் சட்டத்தின் 462ஆவது பிரிவு, குறிப்பிட்ட வகைக் கம்பெனிகளுக்குச் சட்டத்தின் வகைமுறைகள் பொருந்தாது அல்லது மாற்றங்களோடு பொருந்தும் என்று அறிவிக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் அறிவிக்கையின் வரைவை முதலில் அவைகளின் முன் வைக்க வேண்டும். இரு அவைகளும் மறுத்தால் வெளியிட முடியாது. ஆணை வந்த பிறகு பார்ப்பதற்கும் வருவதற்கு முன்பே பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

மூன்றாவது, குழுக்கள். மக்களவையில் சார்நிலைச் சட்டங்களை ஆராயும் குழு 1953இலிருந்து இருக்கிறது, மாநிலங்களவையில் 1964இலிருந்து. அவற்றின் அறிக்கைகளில் நல்ல உழைப்பைக் காண்கிறேன். ஆனால் அவை பெரும்பாலும் அரசு விதி செய்து முடித்த பிறகு ஆராய்கின்றன. பிரிட்டனின் பிரபுக்கள் அவையில் 1992இலிருந்து ஒரு குழு, மசோதா நிறைவேறும் முன்பே அது அமைச்சருக்குத் தரும் ஒவ்வோர் அதிகாரத்தையும் எடுத்துப் படிக்கிறது. இந்த அதிகாரம் ஏன் வேண்டும், இந்த அளவு ஏன் வேண்டும் என்று துறை எழுதித் தர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகும்போது 2018இல் அமைச்சர்களுக்கு மிகப் பரந்த அதிகாரம் தந்தார்கள். அப்போதும் வரி விதிக்கக் கூடாது, மனித உரிமைச் சட்டத்தைத் தொடக் கூடாது என்று பட்டியலிட்டு, காலவரம்பும் வைத்தார்கள். அந்த அளவு விழிப்பு நம் அவைகளுக்கும் எட்டக் கூடியதுதான். நம் மக்களவை விதிகளில் 70ஆவது விதி ஏற்கெனவே இதற்கு அடித்தளம் போட்டிருக்கிறது. சட்டமியற்றும் அதிகாரத்தை ஒப்படைக்கும் மசோதாவோடு ஒரு குறிப்புரை இணைக்க வேண்டும், அந்த ஒப்படைப்பு வழக்கமான தன்மையுடையதா விதிவிலக்கானதா என்று அதில் சொல்ல வேண்டும். நடைமுறையில் கிட்டத்தட்ட எல்லாக் குறிப்புரைகளும் "வழக்கமான தன்மையுடையது" என்றே முடிகின்றன. அந்த வரியை ஓர் உறுப்பினர் எழுந்து நின்று கேள்வி கேட்டாலே பாதி வேலை நடந்துவிடும்.

தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தொழிற்சாலைகள் சட்டத்தில் 65அ என்ற பிரிவைச் சேர்க்கும் மசோதா ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறியது. நாளிதழ்கள் 12 மணி நேர வேலை என்று எழுதின. மசோதாவைப் படித்தவர்களுக்குத் தெரியும், அதில் 12 என்ற எண்ணை விட அறிவிக்கை என்ற சொல்தான் முக்கியம். வேலை நேரம், இடைவேளை, மிகைநேரக் கூலி ஆகியவை பற்றிய பிரிவுகளிலிருந்து எந்தத் தொழிற்சாலைக்கும் அரசு அறிவிக்கையால் விலக்குத் தரலாம் என்பதே அதன் உள்ளடக்கம். சட்டத்தின் எழுத்தை அது மாற்றாது, ஆனால் உங்கள் ஆலை வாசலில் அந்த எழுத்தை அணைத்துவிடும். தொழிலாளிக்கு விளைவு ஒன்றே.

அந்தத் தொழிற்சாலைகள் சட்டத்தில் ஏற்கெனவே 5ஆவது பிரிவில் ஒரு விலக்கு அதிகாரம் இருந்தது. அதற்குப் பொது நெருக்கடி என்ற நிபந்தனையும், ஒரு தடவைக்கு மூன்று மாதம் என்ற வரம்பும் இருந்தன. கொரோனா காலத்தில் குஜராத் அரசு அதைப் பயன்படுத்தி நாளுக்கு 12 மணி நேரம், மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி இல்லை என்று அறிவித்தது. 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, மிகைநேரக் கூலியைக் கொடுக்கச் சொன்னது. பொது நெருக்கடி என்பதற்குப் போர், வெளித் தாக்குதல், உள்நாட்டுக் குழப்பம் என்று பிரிவிலேயே விளக்கம் இருந்ததால்தான் நீதிபதிகளால் அதைப் பிடித்துக்கொள்ள முடிந்தது. 65அவில் அப்படிப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அது சட்டமாகி நடைமுறைக்கு வந்து, அறிவிக்கை வெளியாகியிருந்தால், பாரிமுனை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு நிற்பவருக்கு வாதம் மிகக் கடினமாக இருந்திருக்கும். தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. ஏப்ரல் 24 அன்று நிறுத்திவைப்பதாகவும், மே தினத்தன்று திரும்பப் பெறுவதாகவும் முதலமைச்சர் அறிவித்தார்.

ஆகவே உங்கள் சங்கத்துக்கு நான் சொல்வது இது. புதிய மசோதா வந்தால் கடைசிப் பக்கங்களிலிருந்து படியுங்கள். "எதில் எது அடங்கியிருந்தபோதிலும்", "அறிவிக்கையின் மூலம்", "இடர்ப்பாடு எழுமாயின்" என்ற சொற்களுக்கு அடியில் கோடு போடுங்கள். ஆணை எதற்கு முரணாகக் கூடாது என்கிறது, நோக்கத்துக்கா வகைமுறைக்கா என்று பாருங்கள். எத்தனை ஆண்டுக்கு, ரத்து செய்ய அவைக்கு வழி உண்டா, இறுதியானது என்ற சொல் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இதை எல்லாம் மசோதா நிறைவேறும் முன் உங்கள் தொகுதி உறுப்பினரிடம் எழுத்தில் கொடுங்கள், ஏனென்றால் பிறகு கிடைக்கும் வழிகள் எல்லாம் இதை விட நீளமானவை. ஏற்கெனவே வெளிவந்த ஆணை பற்றித்தான் உங்கள் கூட்டத்தில் பேசினார்கள் என்றால், அந்த அரசிதழ்ப் பக்கத்தின் நகலையும், அது எந்தப் பிரிவின் கீழ் போடப்பட்டது என்று சொல்லும் முதல் பத்தியையும் அனுப்புங்கள். அந்த ஒரு பத்தியிலிருந்துதான் வழக்கு தொடங்கும்.